பி.எஃப். பாஸ்புக்கும் தாய்மாமன் மடியும்

எங்கள் கன்டெய்னர் யார்டில் மாடக்கண்ணு டேலி கிளார்க். லாரியில் ஏறும் பெட்டிகளை இவர் ஒரு தாளில் குறிப்பார், கப்பல் கம்பெனி ஆள் இன்னொரு தாளில் குறிப்பார். இரண்டும் ஒத்துப்போனால்தான் வண்டி கேட்டைத் தாண்டும். தங்கமான மனிதர்தான். கணக்கு ஒத்துவராவிட்டால் மட்டும் அவருக்குச் சோறு இறங்காது.

அந்தக் கண்ணோடுதான் புரட்டாசியில் போனில் தன் பி.எஃப். பாஸ்புக்கைப் பார்த்தார். தன் பங்கு மாதம் 1,800. கம்பெனியும் அதே அளவு போட வேண்டும், ஆனால் கம்பெனி பங்கு 550 மட்டும். ஜூலைச் சம்பளத்துக்குப் பணம் கட்டிய பதிவே இல்லை. போன வருட வட்டியும் ஏறவில்லை.

பி.எஃப். கட்டும் வேலை அக்கவுண்ட்ஸில் இருக்கும் செந்தூர்வேலுடையது. மாடக்கண்ணுவின் மனைவி உமாராணிக்கு அவர் கூடப்பிறந்த அண்ணன். கேட்டால் தீர்ந்துவிடும் விஷயம். கேட்கிற ஜாதியா இவர்?

"களவாணிப் பய! அவன் மடியில எம் பிள்ளைக்குக் காது குத்த மாட்டேன்" என்று வீட்டில் குதித்தார்.

தைமாதம் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் என்ன காதுகுத்து? உமாராணி அழுதாள், சண்டை போட்டாள், பேச்சையே நிறுத்தினாள். மனிதர் அசையவில்லை. எனக்கு அவர் மேல் வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

பொங்கல் கழிந்து உமாராணியே போனைப் பிடுங்கினாள். எழுத்து பெரிதாகட்டும் என்று போனைக் குறுக்குவாட்டில் திருப்பியதும், ஓரத்தில் ஒளிந்திருந்த இன்னொரு கட்டம் தெரிந்தது.

"இங்கேருங்க, இது என்னது? பென்ஷன், ஆயிரத்து இருநூத்தம்பது. அண்ணன் கட்டுனதுதான இதுவும்? அஞ்சூத்தம்பதோட கூட்டுங்க."

கூட்டினார். ஆயிரத்து எண்ணூறு. கம்பெனி பங்கில் பெரும்பகுதி பென்ஷனுக்குப் போய்விடுகிறது. இவர் பார்த்தது மிச்சத்தை. ஜூலைப் பதிவும் இப்போது இருந்தது, பணம் ஏறிய தேதி மட்டும் நவம்பர். வட்டியும் போன மார்ச் 31 தேதியிட்டு இப்போது ஏறியிருந்தது.

மறுநாள் காலையில் அவரே செந்தூர்வேல் வீட்டுக்குப் போனார். கூட என்னையும் இழுத்துக்கொண்டார், தனியாகப் போகத் தைரியமில்லை.

"ஜூலைக்கு மொதலாளி பணம் விடல மாப்ள. நவம்பர்லதான் கட்டுனோம். தாமதத்துக்கு பி.எஃப். ஆபீஸ்ல அபராதமும் வட்டியும் தனியா கேக்காவ" என்றார் செந்தூர்வேல். "வட்டி வருசத்துக்கு ஒருக்கத்தான் ஏறும், அதுவும் அவிய ஏத்துறப்பதான். எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும் மச்சான். தப்பு எம்மேலதான்."

செந்தூர்வேல் உள்ளே போய் ஒரு சின்ன டப்பாவை எடுத்துவந்து மாடக்கண்ணுவின் கையில் வைத்தார். இரண்டு தங்கக் கம்மல்.

"ஆவணியிலயே வாங்கிட்டேன். கூப்பிடுவீகன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."