தண்டுவடப் படத்தில் விரலை எடுத்தேன்

மறுதேர்வு அன்றைக்குக் காலையில் ஒன்றும் சாப்பிடவில்லை.

செஞ்சியில் திருவண்ணாமலை ரோட்டில், ஒரு உரக்கடைக்கு மேல் மாடியில் எங்கள் வகுப்பு. நர்சிங் உதவியாளர் படிப்பு. என்னோடு படித்த பெண்களுக்குப் பதினெட்டு, பத்தொன்பது வயது. எனக்கு முப்பத்தாறு. பத்தாவது வரைக்கும்தான் படித்தேன். அப்புறம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடம் தரை துடைத்தேன், பெட்பேன் எடுத்தேன், எழ முடியாதவர்களைத் திருப்பிப் படுக்க வைத்தேன். சர்டிபிகேட் இல்லாதவர்களை இனிமேல் வார்டில் வைக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இந்த வருடம் வாங்கிவிட்டால் வேலை இருக்கும். அடுத்த வருடம் என்றால் இருக்காது.

உடற்கூறு வாய்மொழித் தேர்வில் பன்னிரண்டு பேர் தோற்றோம். அதில் நானும் ஒருத்தி. மறுதேர்வு ஒரு தடவைதான். அதிலும் தோற்றால் அடுத்த வருடப் பிள்ளைகளோடு மறுபடி உட்கார வேண்டும். மற்றப் பெண்களுக்கு ஒரு வருடம் போகும். எனக்கு வேலை போகும்.

கேள்வி என்னவென்று முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். முழங்காலில் தட்டினால் கால் ஏன் துள்ளுகிறது. அந்தச் சேதி போகும் வழியைப் படத்தில் விரலால் ஓட்டிக் காட்ட வேண்டும்.

எங்கள் வகுப்பில் ஒரே ஒரு படம். தண்டுவடத்தைக் குறுக்கே வெட்டினாற்போல் இருக்கும். நடுவில் சாம்பல் நிறத்தில் ஒரு பட்டாம்பூச்சி. தொடைத் தசையிலிருந்து ஒரு நரம்பு வரும். தண்டுவடத்துக்குப் பக்கத்தில் வந்ததும் இரண்டாகப் பிரியும். மேல் கிளையில் சேதி உள்ளே போகும். பட்டாம்பூச்சிக்குள் அடுத்த நரம்பிடம் நேராகச் சேதியைக் கொடுக்கும். அந்த நரம்பு கீழ்க் கிளை வழியாக வெளியே வந்து அதே தசைக்குப் போகும். தசை சுருங்கும், கால் துள்ளும். இதற்கு மூளையைக் கேட்க வேண்டியதில்லை. தட்டியது மூளைக்குத் தெரியும், ஆனால் அது தெரிவதற்குள் கால் துள்ளி முடிந்துவிடும்.

பாடம் எடுத்த மிஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார். வைத்த விரலை எடுக்கக் கூடாது.

"வெரல எடுத்தியா, நரம்பு அறுந்துபோச்சுன்னு அர்த்தம். சேதி போவாது" என்பார்.

அதனால் எல்லோரும் ஒரே இழுப்பில் ஓட்டிப் பழகினோம். பஸ் ஸ்டாண்டில் நிற்கும்போது முன்னால் நிற்பவள் முதுகில் ஓட்டுவார்கள். மேல உள்ள, கீழ வெளிய. அவ்வளவுதான் மந்திரம். நானும் பாத்திரம் தேய்க்கும்போது சட்டியின் அடியில் ஓட்டினேன். என் வீட்டுக்காரர் பார்த்துவிட்டு, "இன்னா, சட்டிக்கு ஊசி போடப் போறியா" என்றார்.

படத்தில் இருந்த எழுத்து எனக்குச் சீக்கிரம் பிடிபடாது. அதனால் வேறொன்றைப் பார்த்து வைத்திருந்தேன். உள்ளே போகும் கிளையில் மட்டும் ஒரு வீக்கம் உண்டு, ஒற்றைப் பருப்பு வேர்க்கடலை மாதிரி; எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். உணர்ச்சி நரம்பின் செல்லெல்லாம் அதில்தான் இருக்கிறது என்று மிஸ் சொன்னார். வெளியே வரும் கிளை மொழுக்கென்று இருக்கும்.

தேர்வு எடுக்க வெளியூரிலிருந்து ஒரு மேடம் வந்திருந்தார். நாங்கள் முன்பக்க வராந்தாவில் நின்றோம். ஒவ்வொருத்தியாக உள்ளே போய், பின்பக்கப் படி வழியாக இறங்கிவிட வேண்டும். எனக்கு முன்னால் நின்றவள் ஜன்னலில் எட்டிப் பார்த்தாள்.

"அதே பட்டாம்பூச்சிதாங்க்கா. பயப்படாத."

"கை நடுங்குது."

"நடுங்கட்டும். நடுங்கிக்கினே இழு. நரம்பு தடிமனாத் தெரியும்."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஒன்பதாவதாக என்னைக் கூப்பிட்டார்கள்.

படம் புதிது. மேடம் கையோடு கொண்டு வந்தது. மூக்குக் கண்ணாடிக்கு மேலே என்னைப் பார்த்தார்.

"முழங்காலுக்குக் கீழ தசைநாண்ல தட்டுறேன். அங்கிருந்து காட்டும்மா."

தொடைத் தசையில் விரலை வைத்தேன். தட்டியதும் தசை இழுபடுகிறது, அந்தச் சேதி இந்த நரம்பில் ஏறுகிறது என்று சொன்னேன். விரல் பிரியும் இடத்துக்கு வந்தது. தானாக மேல் கிளைக்குப் போனது. இருநூறு தடவை போன வழி.

பாதியில் நின்றுவிட்டேன்.

அந்தக் கிளை மொழுக்கென்று இருந்தது. கீழே பார்த்தேன். மல்லாட்டை கீழே இருந்தது. பட்டாம்பூச்சியைப் பார்த்தேன். எங்கள் படத்தில் மெலிந்த இறக்கை மேலே, பருத்த இறக்கை கீழே. இதில் பருத்தது மேலே. இந்தப் படத்தில் வயிற்றுப் பக்கம் மேலே, முதுகுப் பக்கம் கீழே.

விரலை எடுத்தால் நரம்பு அறுந்தது. எடுக்காவிட்டால் வழி தப்பு. ஒருவேளை நான் பார்ப்பதுதான் தப்போ. எனக்கு முன்னால் எட்டுப் பேர் போயிருக்கிறார்கள். அவர்களெல்லாம் என்னைவிடப் படித்தவர்கள்.

"ஏம்மா நின்னுட்ட?"

விரலை எடுத்தேன்.

"தப்பா வெச்சிட்டேன் மேடம்" என்றேன். மறுபடி தசையிலிருந்து ஆரம்பித்தேன். பிரியும் இடத்தில் கீழே இறங்கி, வீக்கத்தைத் தாண்டி, மெலிந்த இறக்கை வழியாக உள்ளே போனேன். பருத்த இறக்கையில் அடுத்த நரம்பு. மேல் கிளையில் வெளியே வந்தேன். தசையில் நிறுத்தினேன்.

மேடம் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பேனாவால் வீக்கம் இருந்த கிளையைத் தொட்டார்.

"இங்க வெட்டிட்டா?"

"தட்டுனது தெரியாது. கால் துள்ளாது."

"காலத் தூக்குன்னு சொன்னா?"

யோசித்தேன். வெளியே வரும் கிளை முழுசாக இருக்கிறது.

"தூக்குவாங்க மேடம்."

"போலாம்."

எழுதுவதைப் பார்க்கத் தைரியம் இல்லை. பின்பக்கப் படியில் இறங்கினேன். கீழே உர மூட்டைகளுக்குப் பக்கத்தில் முன்னால் போனவர்கள் நின்றிருந்தார்கள். எட்டிப் பார்த்துச் சொன்னவளும் இருந்தாள்.

"இன்னாக்கா, இழுத்துட்டியா? நான் கண்ண மூடிக்கினே இழுத்தேன். மேல உள்ள, கீழ வெளிய."

மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

எனக்குப் புரிந்துவிட்டது. எட்டுப் பேரும் தலைகீழாக ஓட்டிவிட்டு வந்திருக்கிறார்கள். மேலே வராந்தாவில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். கட்டிடத்தைச் சுற்றிப் போய் முன்பக்கப் படி ஏறினால் சொல்லிவிடலாம். படம் மாறியிருக்குது, வீக்கத்தைப் பாருங்க. நாலு சொல்தான்.

போகவில்லை. நான் சொல்வதை மேடம் பார்த்துவிட்டால் என் மார்க்கையும் அடித்துவிடுவார் என்று பயம். கால் எழவில்லை. உர மூட்டை மேல் உட்கார்ந்தேன். தலைக்கு மேலே நாற்காலி நகரும் சத்தம் மூன்று முறை கேட்டது.

மதியம் மிஸ் வந்து மார்க்கைப் படித்தார். ஒரே ஒருத்தி பாஸ், நான்தான். விரலை எடுத்ததற்கு இரண்டு மார்க் குறைத்திருந்தார்கள்.

"நம்ம படத்தயே பாத்துப் பாத்து மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. தப்பு என்னுதுதான்" என்றார் மிஸ். அவர் கண் சிவந்திருந்தது.

தேர்வுக்குக் கடைசியாகப் போன பெண் எங்கள் ஊர்ப் பக்கம். அவலூர்பேட்டை பஸ்ஸில் எப்போதும் என் பக்கத்தில் உட்காருவாள். அன்றைக்கு முன்னால் போய் உட்கார்ந்தாள். இறங்கும்போதுதான் பேசினாள்.

"கீழ வந்தப்பவே உனக்குத் தெரியுமாக்கா?"

"தெரியும்."

அவள் இறங்கிப் போனாள்.

திங்கட்கிழமை நான் வார்டுக்குப் போனேன். புது வகுப்பு தொடங்கியபோது அந்த மூன்று பேரும் அடுத்த வருடப் பிள்ளைகளோடு உட்கார்ந்திருந்தார்கள்.