கடிதப்படி வரவும்

யாராவது போனில் "கன்ஃபர்ம் பண்ணிட்டேன்" என்று சொன்னால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். எதை, யாரிடம், எந்தத் தேதிக்கு என்று மூன்று கேள்வி கேட்பேன். என் மகள், "அப்பா, நீங்க போலீஸ்ல இருந்திருக்கணும்" என்பாள். போலீஸில் இல்லையம்மா, குற்றவாளிக் கூண்டில் இருந்திருக்க வேண்டியவன் என்று சொல்ல வாய் வரும். சொன்னதில்லை.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் மருத்துவ டிரஸ்டின் கிளை ஆபீஸில் டைப்பிஸ்ட். டிரஸ்டின் தலைமை ஆபீஸ் சென்னையில். கல்வராயன் மலைமேல் ஒரு சின்ன மருத்துவமனையும், கீழே சமவெளியில் நாலைந்தும் திறப்பதாகத் திட்டம். எல்லாவற்றுக்கும் நர்ஸ் எடுக்க வேண்டும். ஆள் எடுக்கும் வேலை இரண்டு பேரிடம் இருந்தது. சென்னையில் ஒரு பர்சனல் ஆபீஸர். இங்கே எங்கள் திட்ட அதிகாரி. சென்னைக்கு வந்த விண்ணப்பங்களுக்குச் சென்னை ஆபீஸர் உளுந்தூர்பேட்டையில் இன்டர்வியூ வைப்பார். எங்களிடம் வந்தவற்றுக்கு எங்கள் ஆபீஸிலேயே நடக்கும். இரண்டும் ஒரே நாள், வியாழக்கிழமை, காலை பத்து மணி. இப்படி ஏற்பாடு செய்தபோது, ஒரே ஆள் இரண்டு இடத்துக்கும் விண்ணப்பம் போட்டிருக்கலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை.

ஒருத்தி போட்டிருந்தாள். மலைக்காரப் பெண். நர்ஸ் உதவியாளர் பயிற்சி முடித்தவள். கைக்குழந்தையைத் தாயிடம் விட்டுவிட்டு விழுப்புரத்தில் தங்கிப் படித்தவள் என்று விண்ணப்பத்திலேயே எழுதியிருந்தாள். ஒரு விண்ணப்பத்தைச் சென்னைக்குத் தபாலில் அனுப்பிவிட்டு, போய்ச் சேருமோ சேராதோ என்று இன்னொன்றைக் கீழே இறங்கி வந்து எங்கள் ஆபீஸிலும் கொடுத்திருக்கிறாள். அதனால் அவளுக்கு இரண்டு கடிதம் போயிற்று. ஒன்று உளுந்தூர்பேட்டைக்கு வா என்றது, மற்றது கள்ளக்குறிச்சிக்கு வா என்றது. நாளும் மணியும் ஒன்றே.

அவள் செய்ததுதான் சரியான காரியம். சந்தைக்கு வந்த ஒருவர் கையில் ஒரு இன்லண்டு கடிதம் கொடுத்தனுப்பினாள். இரண்டு கடிதத்தின் எண், தேதி, இடம் எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, "இதில் எதற்கு நான் வரவேண்டும் என்று தயவுசெய்து தெரிவிக்கவும். எனக்கு மலையில் உள்ள வேலைதான் வேண்டும்" என்று முடித்திருந்தாள். எங்கள் ஆபீஸ் கடிதங்களைவிட அது தெளிவாக இருந்தது. அதைப் படித்து நான் கொஞ்சம் சிரித்ததும் நினைவிருக்கிறது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என்னையே அறையலாம் போலிருக்கிறது.

அதிகாரியிடம் காட்டினேன். பண்ருட்டிப் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், அவசரக்காரர்.

"மலை போஸ்ட்டு நம்மளுதுயா. சென்னைக்கு டிரங்க் கால் போட்டு, அந்த லிஸ்ட்ல இருந்து பேர எடுக்கச் சொல்லு. அப்புறம் அந்தப் பொண்ணுக்கு நம்ம கடுதாசிப்படி வரச் சொல்லித் தந்தி குடு."

சனிக்கிழமை காலை கால் பதிவு செய்தேன். லைன் கிடைக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. சென்னை ஆபீஸர் விஷயத்தைக் கேட்டு, உடனே அவளுடைய பெயரை உளுந்தூர்பேட்டைப் பட்டியலிலிருந்து அடித்துவிட்டதாகச் சொன்னார். "நாங்க தனியா ரத்துக் கடிதம் போடணுமா?" என்று கேட்டார். "வேண்டாம் சார், நானே தந்தி குடுக்கறேன்" என்றேன். பெரிய பொறுப்பைத் தலையில் ஏற்றுக்கொண்ட பெருமை வேறு.

தந்தியை ஆங்கிலத்தில் நாலே வார்த்தையில் அடித்தேன். தமிழில் சொன்னால், "கடிதப்படி வரவும்." கீழே எங்கள் டிரஸ்டின் பெயர். தந்தி என்றால் சுருக்கமாக இருக்க வேண்டும் என்று டைப் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது அப்படி ஊறியிருந்தது. "நம்ம கடுதாசிப்படி" என்று அதிகாரி சொன்னாரே, அந்த "நம்ம" தந்தியில் விழுந்துவிட்டது. என் மேஜையில் ஒரு கடிதத்தின் நகல்தான் இருந்தது. அவள் கையில் இரண்டு இருந்தன. டிரஸ்டின் பெயர் இரண்டிலும் ஒன்றுதான்.

எந்தக் கடிதம் செல்லும், எது செல்லாது, நாள், மணி, இடம், இது கிடைத்ததற்கு ஒரு பதில். இவ்வளவும் எழுதியிருக்க வேண்டும். அதிகம் போனால் இன்னும் பத்துப் பன்னிரண்டு வார்த்தை. "அனுப்பியாச்சு" என்று பதிவேட்டில் குறித்துவிட்டு டீ குடிக்கப் போனேன்.

மலைக்குத் தந்தி தந்தியாக ஏறாது. அடிவாரத்தில் கச்சிராயபாளையத்தில் இறங்கி, அங்கிருந்து தபால்காரர் பையில் கடிதத்தோடு கடிதமாக ஏறும். செவ்வாய்க்கிழமை அவள் கைக்குப் போயிருக்கிறது. அதே பையில், பஸ் நின்று நின்று ஓடியதால் எங்கோ தங்கிவிட்ட சென்னைக் கடிதத்தின் இரண்டாம் பிரதியும் போயிருக்கிறது. சென்னையில் யாரோ முந்தின வாரமே நினைவூட்டலாக அனுப்பியது. உளுந்தூர்பேட்டை என்று கொட்டை எழுத்தில் போட்ட கடிதமும், கடிதப்படி வரவும் என்ற தந்தியும் ஒரே நாளில் ஒரே பையில் வந்தால் ஒருவர் என்ன நினைப்பார்? நானாக இருந்தாலும் உளுந்தூர்பேட்டைக்குத்தான் போயிருப்பேன்.

அது இடஒதுக்கீட்டுப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த காலம். எந்த ஊரில் எப்போது மறியல் என்று யாருக்கும் தெரியாது. ரோட்டோரப் புளியமரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். என் சித்தப்பா மகனே கோடரியோடு போனவன்தான். "படிச்சவனுக்கு வேல வேணும்னுதான் வெட்றோம், உனக்கும் சேத்துதான்" என்பான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு வேலை இருந்ததால் நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன்.

வியாழக்கிழமை எங்கள் ஆபீஸில் ஆறு பேர் வந்தார்கள். உள்ளூரும் பக்கத்து ஊரும் ஆனதால் சைக்கிளிலும் நடந்தும் வந்துவிட்டார்கள். பிற்பகல் வரை மலைப்பெண்ணுக்காகக் காத்திருந்தோம்.

"இன்னாயா, மலைக்காரம்மா வரலியா? கன்ஃபர்ம் பண்ணியா இல்லியா?"

"பண்ணிட்டேன் சார்."

அவளுடைய பெயருக்கு நேரே "வரவில்லை" என்று என் கையாலேயே எழுதினேன். அந்த நேரத்தில் அவள் உளுந்தூர்பேட்டையிலிருந்து திரும்பி நடந்துகொண்டிருந்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ஆபீஸ் திறக்கும்போது வாசலில் நின்றாள். கால் முழுக்கப் புழுதி. ஒரு மஞ்சள் பையிலிருந்து கடிதங்களையும் தந்தியையும் எடுத்து என் மேஜைமேல் பரப்பினாள். அவள் கோபப்படவே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

"புதன்கெழமையே எறங்கிட்டேனுங்க சார். ராத்திரி இங்கதான் பஸ் ஸ்டாண்டுல படுத்திருந்தேன். விடிகாலைல மொத பஸ்ஸு. எலவனாசூர்கோட்டை தாண்டி மரம் போட்டுட்டாங்க. அங்கிருந்து நடந்துதான் போனேனுங்க. பத்து மணிக்கு முன்னியே போய்ட்டேன். உன் பேர லிஸ்ட்ல அடிச்சுட்டாங்க, கள்ளக்குறிச்சிக்குப் போம்மான்னாங்க அங்க இருந்தவங்க. போன் போடப் பாத்தாங்க, மரம் வுழுந்து கம்பி அறுந்து போச்சாம். திரும்பறதுக்கு வண்டி ஒண்ணும் இல்லீங்க."

எங்கள் ஆபீஸிலிருந்து பஸ் ஸ்டாண்டு கூப்பிடு தூரம். புதன்கிழமை சாயங்காலம் நான் அந்த வழியாகத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் அங்கே எங்கோ உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"இங்க வந்து ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா" என்றேன். தப்பு செய்தவன் முதலில் இதைத்தான் கேட்பான்.

"கேட்டுத்தானுங்களே எழுதுனேன். நீங்கதான் தந்தி குடுத்துட்டீங்களே. மறுக்கா மறுக்கா வந்து கேட்டா கோச்சுக்குவீங்கன்னுதான்." பிறகு தந்தியின் மேல் விரலை வைத்தாள். "எந்தக் கடுதாசிங்க சார் இது?"

இரு என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.

அதிகாரி சென்னைக்கு அனுப்ப வேண்டிய ஃபைலைக் கட்டிக்கொண்டிருந்தார். பெண் வந்திருப்பதைச் சொன்னேன். நிமிர்ந்து பார்த்தார்.

"தந்தில ஏதாச்சும் கோளாறா? நம்ம தப்புன்னா சொல்லு, இன்னொரு தேதி குடுத்திடலாம், அதுக்கு ரூல் இருக்குது. மறியல்னா ஒண்ணும் பண்ண முடியாது. மத்தவங்க வந்தாங்க இல்ல?"

இதைவிட நேரான கதவை யாரும் யாருக்கும் திறந்து வைக்க முடியாது. நான் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம். ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம். வெளியே அவள் நிற்பது கதவுச் சந்தில் தெரிந்தது.

"தந்தி சரியாத்தான் சார் போச்சு. மறியல்தான்."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை ரோட்டில் கிடந்த மரங்களின் மேல், என் சித்தப்பா மகனின் கோடரியின் மேல் தூக்கிப் போட்டுவிட்டேன். அவர் அதை உடனே நம்பினார். அந்த நாட்களில் அதை நம்பாதவர் இல்லை.

மலைக்குக் கடலூரிலிருந்து ஒரு நர்ஸைப் போட்டார்கள். குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று நாலு மாதத்தில் இறங்கிவிட்டாள். பிறகு ஆளே கிடைக்காமல் அந்தக் கட்டடம் பூட்டியே கிடந்தது. மழைக்காலத்தில் மலையிலிருந்து பிரசவத்துக்குப் பெண்களைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு இறங்குவதைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அதில் எத்தனை பேர் பிழைத்தார்கள் என்று விசாரிக்க எனக்குத் துணிச்சல் இருந்ததில்லை. நான் நிரந்தரமானேன். முப்பது வருஷம் அங்கேயே இருந்து ஓய்வு பெற்றேன்.

இதெல்லாம் பிறகு நடந்தவை. தூக்கத்தில் என்னை எழுப்பி உட்கார வைப்பது அந்த வெள்ளிக்கிழமையின் கடைசி ஐந்து நிமிடம்தான். அதிகாரி சொல்லச் சொல்ல ஒரு கடிதம் அடித்தேன். அவர் கையெழுத்துப் போட்டார். அதை வெளியே கொண்டுபோய் அவளிடம் நீட்டினேன். வாங்கி மடித்துக்கொண்டு போய்விடுவாள் என்று நினைத்தேன். அவள் அங்கேயே நின்று, ஒவ்வொரு எழுத்தாக வாய்க்குள் படித்தாள். "தாங்கள் சாலை மறியல் காரணமாக நேர்காணலுக்கு வர இயலாத நிலையில்" என்ற இடத்துக்கு வந்ததும் நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். குற்றம் சாட்டுகிற பார்வை இல்லை. டைப் அடிக்கும்போது ஏதோ தவறிவிட்டது, சொன்னால் திருத்திவிடுவேன் என்று நம்புகிற பார்வை.

"வர இயலலன்னு போட்டிருக்கீங்க சார்," என்றாள். "நான் வந்தேனுங்களே."