அப்பாவின் இரண்டு வருடம்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷனுக்கு அரசாங்க ஆஸ்பத்திரியில் வருடக்கணக்கில் வரிசை. தனியாரில் செய்ய நான்கு லட்சம். கடன் கேட்ட இடமெல்லாம் கையை விரித்துவிட்டார்கள். எனக்கு எல்லார் மேலும் எரிச்சலாக வந்தது.

எங்களிடம் இருந்தது ஒன்றுதான். தேயிலை பேக்டரி மெஷினில் அப்பாவின் கை போனதற்காக, அவர் உயிரோடு இருக்கும்வரை ஒவ்வொரு வருட முடிவிலும் இரண்டு லட்சம் தரும் இன்சூரன்ஸ். அதை மொத்தமாக முடித்து இன்றைய பெறுமதியை வாங்கலாம். ஹட்டனில் அதே இன்சூரன்ஸ் கம்பனியின் கிளையில் கணக்குப் போடுவது என் வேலை.

அப்பாவுக்கு எண்பத்து நாலு. எங்கள் கம்பனியின் ஆயுள் அட்டவணையில் அந்த வயதில் நூறு பேர் என்றால் அடுத்தடுத்த வருடங்களில் உயிரோடு இருப்பவர்கள் தொண்ணூறு, எழுபத்தைந்து, ஐம்பத்தைந்து, முப்பது, பிறகு ஒருவருமில்லை. ஒவ்வொரு இரண்டு லட்சத்தையும் அப்பா அதுவரை இருக்கும் வாய்ப்பால் பெருக்கி, பத்து சதவீத வட்டிக்காக முதல் வருடத்தை 1.1ஆல், இரண்டாவதை 1.21ஆல் என்று வகுத்துக் கூட்டினேன். நான்கு லட்சத்துப் பதினோராயிரத்துச் சொச்சம். அழுதேவிட்டேன்.

மேனேஜர் அப்பாவின் அடையாள அட்டையைப் பார்த்தார். அதில் எண்பத்தாறு. பதினாலு வயதில் தோட்டத்தில் வேலைக்குப் பேர் பதிய, தாத்தா பதினாறு என்று சொல்லியிருந்தார்.

"அட்டையில இருக்கிறதுதான் வயசு. வேற பத்திரம் இருக்கா?"

இல்லை. தோட்டத்துக் கூலி வரிசை வீட்டில், லயத்தில், பிறந்த பிள்ளைக்குப் பிறப்பை யார் பதிந்தார்கள்?

மறுபடி போட்டேன். எண்பத்தாறில் இருக்கும் எழுபத்தைந்து பேரில் அடுத்த வருடம் ஐம்பத்தைந்து பேர், அதற்கடுத்து முப்பது பேர், அவ்வளவுதான். ஒரு லட்சத்து முப்பத்து மூவாயிரம், அறுபத்தாறாயிரம். மொத்தம் ஒரு லட்சத்துத் தொண்ணூற்று ஒன்பதாயிரம். அரை ஆபரேஷன் எந்த ஆஸ்பத்திரியில் செய்கிறார்கள்?

வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா நேராகக் கேட்டார். "முடிக்காம விட்டா?"

"இந்த வருஷ முடிவுல ரெண்டு லட்சம். அடுத்த வருஷ முடிவுல இன்னும் ரெண்டு. நீங்க இருந்தாத்தான்பா."

"இருந்துருவேன். முடிக்கிற காகிதத்துல கையெழுத்து வேணாம்."

அன்றிலிருந்து பீடியை விட்டார். மருந்தை நேரம் தவறாமல் விழுங்கினார். குளிரில் வெளியே போகமாட்டார். அம்மா முனகும்போது மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து, "கொஞ்சம் பொறுத்துக்க புள்ள, நான் இருக்கேன்ல" என்பார். எனக்கு ஓடிப்போய் எங்காவது கத்தவேண்டும் போலிருக்கும். படுத்த படுக்கையில் அம்மாவுக்கு முதுகெல்லாம் புண். பிறகு நெஞ்சில் சளி.

வருட முடிவில் பணம் சரியாக வந்தது. அம்மாவுக்குக் காரியம் முடிந்து பத்து நாள் ஆகியிருந்தது.

அப்பா நோட்டுக்கட்டைத் தொடவில்லை.

"எம் வயச எத்தன தடவ கணக்குப் போட்ட" என்றார். "அவளுக்கு ஒரு தடவகூடப் போட்டுப் பாக்கலயேம்மா நாம."