திரும்பிப் போன பணம் எங்கே நின்றது

அக்கா மூட்டு ஆபரேஷனுக்காக மலாக்கா டவுனில் ஒரு தனியார் மருத்துவமனையில் முன்பணம் கட்டியிருந்தாள். பிறகு அரசாங்க மருத்துவமனையிலேயே நாள் கிடைத்ததும் அதை ரத்து செய்தாள். அரசாங்கத்தில் செலவு குறைவு. ஆனால் உள்ளே வைக்கும் செயற்கை மூட்டை நாமே வாங்கித் தர வேண்டும். முன்பணம் திரும்பி வந்தால்தான் அதை வாங்க முடியும். வரவேயில்லை.

தனியார் மருத்துவமனையில் கேட்டால், "அனுப்பியாச்சு" என்று ரசீதைக் காட்டினார்கள். அக்கா கொடுத்திருந்தது, புக்கிட் ரம்பாய் தொழிற்சாலையில் வேலை செய்தபோது தொழிற்சாலையே திறந்து கொடுத்த சம்பளக் கணக்கின் எண். அங்கே வேலை செய்த பெண்கள் எல்லோருக்கும் அவரவர் எண் மனப்பாடம். வேலையை விட்டபின் காலியாகக் கிடந்த அந்தக் கணக்கை வங்கி மூடிவிட்டது அவளுக்குத் தெரியாது.

எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். செலண்டாரில் இருக்கும் அவள் வீட்டிலிருந்து அவளை ஏற்றிக்கொண்டு அந்த வங்கிக்கே போய்க் கத்தினேன். கவுண்டரில் இருந்த தமிழ்ப் பெண் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

"அங்கிள், காசு இங்க இல்ல லா. மூடின அக்கவுண்ட்டுக்கு வந்ததால, அனுப்பின பேங்க்குக்கே திரும்பிப் போயிருச்சு. அங்க யாரோட காசுன்னு சரியா தெரியலன்னா சஸ்பென்ஸ் அக்கவுண்ட்ல போட்டு வெச்சிருப்பாங்க."

சஸ்பென்ஸ் என்றால் எனக்குச் சினிமாதான் தெரியும். உரியவர் யாரென்று தெரியும்வரை பணத்தை ஒதுக்கி வைக்கும் கணக்காம்.

"நீங்க கேட்டா அந்த பேங்க் தராது. ஹாஸ்பிடல்தான் கேக்கணும். சும்மா வரலன்னு சொன்னா மறுபடி ரசீதைத்தான் காட்டுவாங்க. அனுப்பின தேதி, தொகை, ரெஃபரன்ஸ் நம்பர் எல்லாம் எழுதி, இது ரிட்டர்ன் ஆயிருச்சு, உங்க பேங்க்ல தேடச் சொல்லுங்கன்னு எழுதிக் கேளுங்க. புது அக்கவுண்ட் நம்பரும் வேணும்."

கணக்கு மூடியிருப்பதையும் பணம் திரும்பிப் போனதையும் சொல்லி ஒரு கடிதமும் அடித்துக் கொடுத்தாள். நான் கத்தியதற்காக வெட்கப்பட்டேன்.

"மாமாவும் நீயும் சேர்ந்து வெச்சிருக்கிற அக்கவுண்ட் இருக்கே, அதைப் போட்டுரலாமா?" என்று அக்காவிடம் கேட்டேன்.

"வேணாம் தம்பி. அந்த ஃபேக்டரி அக்கவுண்ட் ஒன்னுதான் என் பேர்ல மட்டும் இருந்துச்சு. வீட்டுக் கணக்குல விழுந்தா மறுநாளே ஏதாவது அவசரம் வந்துரும். என் முட்டி மட்டும் யாருக்கும் அவசரமா இருந்ததே இல்ல."

அக்கா அந்தக் கவுண்டரிலேயே ஐ.சி. அடையாள அட்டையை நீட்டி, தன் பெயரில் புதுக் கணக்கு ஒன்று திறந்தாள்.

கடிதத்தோடு மருத்துவமனைக் கணக்குப் பிரிவுக்குப் போனோம். இந்த முறை ரசீதைக் காட்டவில்லை. வாங்கிக்கொண்டு தங்கள் வங்கிக்கு எழுதினார்கள். நாங்களும் விடாமல் போன் போட்டுக் கேட்டோம். பணம் அந்த வங்கியின் சஸ்பென்ஸ் கணக்கில்தான் இருந்தது.

ஒரு நாள் மதியம் அக்கா கூப்பிட்டாள். "காசு வந்துச்சு. மூட்டுக்குக் கட்டிட்டேன்."

வந்ததற்கும் கட்டியதற்கும் நடுவில் அவள் யாரிடமும் மூச்சு விடவில்லை, என்னிடம்கூட. கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது. ஆனால் அவள் செய்ததுதான் சரி.