கடிகாரம் ஓடும்போது சொல்ல ஒரு வரி

எங்க அண்ணி குழாயைத் திறந்துவிட்டுட்டு அதுகிட்ட கேள்வி கேட்கிற ஆள். நான் சொல்றது பொய்யில்லை. காலையில குளியலறைப் பக்கம் போனா உள்ளேயிருந்து சத்தம் வரும். "எந்த உயிரினத்துக்கு... மூணு இதயம்... இருக்கு?" கொஞ்சம் நேரம் தண்ணி மட்டும் விழும். மறுபடியும் அதே கேள்வி, வேற இடத்துல மூச்சு விட்டு. வெளியே பக்கெட்டோட நின்னுக்கிட்டு இருக்கிற எனக்குப் பத்திக்கிட்டு வரும்.

"அண்ணி, குழாய் பதில் சொல்லிடுச்சா? நான் குளிக்கணும்!"

"இரு, நாலு விடையையும் ஒரே குரல்ல சொல்லிப் பார்த்துட்டு வந்துடறேன்."

டிவியில வர்ற ஒரு வினாடி வினா நிகழ்ச்சிக்கு, நடத்துறவர் பேசுற ஒவ்வொரு வார்த்தையும் அண்ணி எழுதறதுதான். அந்த மனுஷனை ஊர் உலகமே 'என்ன அறிவு, என்ன பேச்சு'ன்னு புகழுது. எழுதிக் கொடுக்காம அவருக்குத் தும்மக்கூட வராது. நான் அதே நிகழ்ச்சியில வேலை பார்க்கிறேன். அவர் முன்னாடி கண்ணாடியில எழுத்து ஓடுதே, அதை ஓட்டுறது நான். அண்ணி எழுதறாங்க, நான் ஓட்டுறேன், அவர் புகழ் வாங்குறார். நல்லா இருக்கு இல்ல?

அண்ணிக்கு அதெல்லாம் மண்டையில ஏறாது. பாதி நேரம் அவங்க இங்கேயே இருக்க மாட்டாங்க. ஜன்னல் ஓரம் நின்னா நின்னதுதான், டீ ஆறிப் போறதுகூடத் தெரியாது. எங்க அண்ணன் கடைக்குப் போய் ஒரு சட்டை எடுக்க அரை நாள் ஆக்குவார். கூட நின்னு ஒரு முகச்சுளிப்பு இல்லாம காத்திருக்கிற ஒரே ஜீவன் இவங்கதான். அதனாலதான் கட்டிக்கிட்டார்னு நினைக்கிறேன்.

ஒரு தடவை கேட்டேன், தப்பா பதில் சொல்றவங்களுக்கு எழுதறதுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடறீங்கன்னு. சரியான விடைக்கு அண்ணி ஒரு வரிதான் எழுதுவாங்க. தப்பான விடை மூணுக்கும் தனித்தனியா எழுதுவாங்க. முதல்ல தப்புன்னு உடனே சொல்லிடணும், இழுக்கக் கூடாது. அப்புறம் சரியான விடை. அதுக்கப்புறம், அந்த ஆள் ஏன் அப்படி நினைச்சிருக்கலாம்னு ஒரு வாக்கியம். தவளைன்னு சொல்றவங்களுக்கு, "தவளைக்கு இதயம் ஒண்ணுதான், ஆனா அதுல மூணு அறை. அந்த மூணுதான் உங்களை இழுத்திருக்கும்." 'ஐயோ பாவம்' கிடையாது, சிரிப்பு கிடையாது.

அண்ணி வெளியே பார்த்துக்கிட்டே சொன்னாங்க: "எனக்கு ஒரு தம்பி. எங்கப்பா அவன்கிட்ட கேள்வி கேட்பார். அவன் வாயைத் திறக்கும்போதே நான் பதிலைச் சொல்லிடுவேன். எனக்குக் கைதட்டல். அப்புறம் அவன் வாயைத் திறக்கறதையே விட்டுட்டான்." டீயைச் சூடு பண்ணிக் கொடுத்தேன்.

படப்பிடிப்பு அன்னைக்கு நானும் அண்ணியும் மேலே கண்ணாடி அறையில இருப்போம். இருட்டு அறை. கீழே மேடை மட்டும் நீல வெளிச்சத்துல மிதந்துக்கிட்டு கிடக்கும். கேள்வி படிச்சு முடிஞ்சு கடிகாரம் ஓட ஆரம்பிச்சதும் அரங்கமே மூச்சை நிறுத்திடும். அந்த நேரத்துல தண்ணிக்குள்ள உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும் எனக்கு. எத்தனை வருஷம் ஆனாலும் அந்த அமைதி பழகலை.

அந்த அமைதிக்குள்ள விழற வரிகளை 'நேர வரி'ன்னு சொல்வோம். 'நேரம் இருக்கு, நிதானமா யோசிங்க', 'கடைசிப் பத்து வினாடி, மனசு சொல்றதைக் கேளுங்க', இப்படி. அதையும் குரலை உயர்த்தாம, தாழ்த்திச் சொல்லணும்னு அண்ணி குறிப்பு போட்டிருப்பாங்க. எப்போ எதை அனுப்பறதுங்கறது அண்ணி கையில இருந்தது. போட்டியாளரோட முகத்தைப் பார்ப்பாங்க, தவிக்கிற மாதிரி இருந்தா, "இப்போ போடு"ன்னு என் தோளைத் தொடுவாங்க. நான் ஓட்டுவேன். நடத்துறவருக்கு விடை தெரியாது. போட்டியாளர் 'இதுதான் என் விடை, பூட்டிடுங்க'ன்னு சொன்ன பிறகுதான் அவர் திரையில வரும். அண்ணிக்குத் தெரியும், எனக்கும் தெரியும். அதுல என்ன கோளாறு இருக்கப் போகுதுன்னு யாருமே யோசிக்கலை. எங்க பின்னாடி ஒருத்தர் உட்கார்ந்திருப்பார், ஆட்டம் நேர்மையா நடக்குதான்னு பார்க்கிறதுதான் அவர் வேலை. அவரைத் 'தராசு'ன்னு கூப்பிடுவோம். அவரும் யோசிக்கலை.

ஒரு நாள் வந்தது ஒரு பஸ் கண்டக்டரம்மா. மேடை ஓரத்துல ரிப்பன் கட்டி ஒரு வேன் நின்னுச்சு, அதுதான் பரிசு. "என் வீட்டுக்காரர் ஓட்டுவார், நான் ஆளேத்துவேன். அடுத்தவங்க பஸ்ல கூவினது போதும் சார்"னு சொல்லி அரங்கத்தையே சிரிக்க வெச்சாங்க. எனக்கு அவங்களை ரொம்பப் பிடிச்சுப் போச்சு. ஜெயிக்கட்டும்னு மனசார நினைச்சேன்.

மளமளன்னு ஏறிக்கிட்டே போனாங்க. ஆனா ஒரு பழக்கம். ஒரு விடையைச் சொல்லி, "...ன்னு நினைக்கிறேன்"னு இழுப்பாங்க. கொஞ்சம் நிப்பாங்க. அப்புறம் சில நேரம் பூட்டுவாங்க, சில நேரம் மாத்துவாங்க. மாத்தினா மாத்தினது சரியா இருக்கும். கெட்டிக்காரின்னு நினைச்சேன்.

கடைசிக் கேள்வி, மூணு இதயம். ஆக்டோபஸ், தவளை, மண்புழு, நட்சத்திர மீன். கடிகாரம் ஓடுது. "தவளை..."ன்னு இழுத்துட்டு நிமிர்ந்தாங்க.

அண்ணியோட கை என் தோள் வரைக்கும் வந்துச்சு. தொடலை.

"அவங்க விடையைப் பார்க்கலை,"ன்னாங்க அண்ணி, தூக்கத்துல பேசற குரல்ல. "நடத்துறவர் வாயைப் பார்க்கிறாங்க."

"என்ன அண்ணி? வரி போடட்டுமா? நேரம் போகுது!"

"நம்ம வரிக்குக் காத்திருக்காங்க. யாராவது தப்பான பக்கம் போனாத்தான் எனக்கு மனசு தாங்காது. அப்போதான் உன்னைத் தொட்டிருக்கேன். இத்தனை நாளும். சரியான பக்கம் போறவங்களுக்கு நான் வரியே போடலை. நிகழ்ச்சியை ஒண்ணு விடாமப் பார்த்துட்டு வந்திருக்காங்க. கண்டுபிடிச்சுட்டாங்க."

வரி போட்டா, தவளை தப்புன்னு சொல்லிக் கொடுத்த மாதிரி. போடாம இருந்தா, தவளை சரின்னு சொல்லி அவங்களைக் குழியில தள்ளின மாதிரி. வாயைத் திறந்தாலும் துரோகம், மூடினாலும் துரோகம். கீழே அந்தம்மா தலையை லேசாச் சாய்ச்சு, வண்டிச் சத்தம் வருதான்னு கேட்கிறவங்க மாதிரி நின்னுக்கிட்டு இருந்தாங்க. அந்த வேன் அவங்க முதுகுக்குப் பின்னாடி மின்னுச்சு.

"போட்டுத் தொலைங்க அண்ணி," நான் பல்லைக் கடிச்சுக்கிட்டுச் சொன்னேன். "யாருக்குத் தெரியப் போகுது? வேனோட போகட்டும்!"

அண்ணி திரும்பித் தராசைப் பார்த்தாங்க. "நிறுத்துங்க சார். தப்பு என்மேல."

நிறுத்திட்டாங்க. மேடை விளக்கு எல்லாம் சாதாரண வெள்ளைக்கு மாறிச்சு. வெள்ளை வெளிச்சத்துல எல்லாம் அட்டையும் ஆணியுமாத்தான் தெரியும், அந்த வேன்ல தூசி இருந்தது அப்போதான் தெரிஞ்சுது. அண்ணி நடந்ததை ஒண்ணுவிடாமத் தராசுகிட்டச் சொன்னாங்க. அவர் முகம் சுண்டிப் போச்சு. அந்தக் கேள்வி செல்லாது, முன்னாடி ஜெயிச்ச விடைகள் நிக்கும், தன்கிட்ட முத்திரை போட்டு வெச்சிருக்கிற மாற்றுக் கேள்வியில ஒண்ணு, நேர வரி இனிமே கடிகாரம் சொல்ற வினாடியில மட்டும், எல்லாருக்கும் ஒரே மாதிரி. தீர்ப்பு முடிஞ்சுது.

"அதை அவங்ககிட்டச் சொல்லணும்,"ன்னாங்க அண்ணி. "சொல்லாம வரி போட்டா, சரியான விடையில இருக்கிறவங்களும் மாத்திடுவாங்க. அது இன்னும் மோசம்."

தராசு தலையாட்டினார். அண்ணி அங்கேயே எழுதினாங்க, நான் ஓட்டினேன், நடத்துறவர் படிச்சார்: "இனி நேரத்தைப் பத்தி நான் சொல்றது கடிகாரப்படிதான் வரும். அதுல வேற எந்த அர்த்தமும் இல்லை." கண்டக்டரம்மா கேட்டாங்க. அவங்க முகம் மெதுவா மாறிச்சு. எங்களுக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு. நிமிர்ந்து எங்க இருட்டுக் கண்ணாடியைப் பார்த்தாங்க. அண்ணி ஒதுங்கலை.

மறுபடி நீலம். மறுபடி அந்த அமைதி. கடல் கடந்த பகுதிகளையும் சேர்த்து அதிக நேர மண்டலங்கள் உள்ள நாடு எது? ரஷ்யா, அமெரிக்கா, ஃபிரான்ஸ், சீனா. கடிகாரம் சொன்ன வினாடியில வரி வந்துச்சு, அது பாட்டுக்குப் போச்சு. அந்தம்மா யார் வாயையும் பார்க்கலை. கண்ணை மூடிக்கிட்டு, "ரஷ்யா. பூட்டிடுங்க சார்,"ன்னாங்க.

நடத்துறவர் திரையில விடை வந்தது. ஃபிரான்ஸ்.

என் கண்ணாடியில ஒண்ணும் இல்லை. முத்திரைக்குள்ள இருந்த கேள்விக்கு அண்ணி எப்படி வரி எழுதியிருக்க முடியும்? எழுதிக் கொடுக்காம தும்மாத மனுஷன் வெத்துக் கண்ணாடியைப் பார்த்து முழிக்கிறார். அவர் காதுக்குள்ள பேசற மைக்கை அண்ணி எடுத்தாங்க. தராசு கையைக் காட்டித் தடுத்தார். சரிதான், இனிமே அவங்க வாயைத் திறக்கக் கூடாது. ஐயோ, ஏதாவது உளறப் போறார்னு நான் தலையில கை வெச்சுக்கிட்டேன்.

அவர் கண்ணாடியை விட்டுட்டு அந்தம்மாவைப் பார்த்தார். "தப்பும்மா. ஃபிரான்ஸாம். எனக்கும் இப்போதான் தெரியும். என்னைக் கேட்டிருந்தா நானும் ரஷ்யான்னுதான் சொல்லியிருப்பேன்."

அரங்கம் கைதட்டுச்சு. அண்ணி சிரிச்சாங்க. கன்னத்துல ஈரம் ஓடிக்கிட்டு இருந்துச்சு, துடைக்கத் தோணலை அவங்களுக்கு.

வெளியே வந்தா கேட் ஓரத்துல கண்டக்டரம்மா கைப்பையைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டு நின்னாங்க. அண்ணி நேரா அவங்ககிட்டப் போனாங்க.

"தவளை சரியா?"ன்னு கேட்டாங்க அந்தம்மா.

"இல்லை. ஆக்டோபஸ்."

"நீங்க எப்பவும் போல அந்த வரியைப் போட்டிருந்தா நான் மாத்தியிருப்பேன்."

"ஆமா."

"வேன் என்னோடது ஆகியிருக்கும்."

"ஆகியிருக்கலாம்."

"நான் எதையும் திருடலை. நீங்கதான் சொன்னீங்க. நான் காது கொடுத்துக் கேட்டேன், அவ்வளவுதான்." குரல் உடைஞ்சு போச்சு. "என் வீட்டுக்காரர்கிட்ட நான் இப்போ என்னத்தைச் சொல்றது?"

தப்பான ஒவ்வொரு விடைக்கும் வரி வெச்சிருக்கிறவங்க எங்க அண்ணி. வாயைத் திறந்தாங்க. ஒண்ணும் வரலை. என்னைத் திரும்பிப் பார்த்தாங்க, நான் எதையாவது ஓட்டுவேன்னு நினைச்ச மாதிரி.

அந்தம்மா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நடக்க ஆரம்பிச்சாங்க. அண்ணி பின்னாடியே போய் பக்கத்துல சேர்ந்துக்கிட்டாங்க.

"நீங்க எங்க வர்றீங்க?"

"நானும் அந்தப் பக்கம்தான்."

எங்க வீடு நேர் எதிர்த் திசையில இருக்கு. நான் வாயை மூடிக்கிட்டுக் கூடவே நடந்தேன்.