பெட்டிக்குள் வந்த கொசுறு

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. ஐந்து மணிக்கு எழுந்தேன். தண்ணீர் வரும் நாள் என்பதால் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் நடக்கப் போனேன். அய்யனார் கோவில் மலைப் பக்கம் மேகம் இறங்கியிருந்தது. திரும்பி வரும்போது சாரல் பிடித்துக்கொண்டது. எட்டரைக்கு அலுவலகம். தூத்துக்குடியில் உள்ள ஒரு சுங்கத் தரகு நிறுவனத்துக்கு ராஜபாளையத்தில் இருக்கும் ஒற்றை அறைக் கிளை அது. அதில் வேலை பார்க்கும் ஆளும் நான் ஒருவன்தான். பேண்டேஜ் துணி ஏற்றுமதி செய்பவர்களும் மில்லுக்கு உதிரிப் பாகம் இறக்குபவர்களும் எங்கள் வாடிக்கையாளர்கள். நாற்காலியில் உட்கார்ந்ததும் முதலில் இரண்டைப் பார்ப்பேன்: அன்று சுங்கத்துறை அறிவித்திருக்கும் டாலர் மதிப்பு, கப்பல் வரும் தேதி. அதன் பிறகுதான் டீ.

அன்று பதினோரு மணி பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனேன். பால்கோவாக் கடைகளுக்கு அட்டைப்பெட்டியும் பிளாஸ்டிக் கிண்ணமும் விற்கும் ஒரு பெண் வியாபாரிக்குத் தைவானிலிருந்து ஒரு மெஷின் வந்துகொண்டிருந்தது. கிண்ணத்தின் மேல் தாளை ஒட்டி மூடும் சீலிங் மெஷின். அவர் வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் முதல் சரக்கு. ஊரில் ஒரு பெரிய பால்கோவாக் கடைக்காரர், ஆடிப்பூரத் தேருக்கு முன்னால் மெஷினைத் தன் கடைக்கு விற்று நிறுத்திக் கொடுத்தால் வருஷம் முழுக்க இவரிடமே கிண்ணம் வாங்குவதாகச் சொல்லியிருந்தார். தேருக்கு மூன்று வாரம் இருந்தது. மதுரை வியாபாரி ஒருவரும் அந்தக் கடைக்கு அடிபோட்டுக்கொண்டிருந்தார். பெட்டி தாமதமானால் வாக்கும் போகும், கடையும் போகும்.

பொதுவாக, சுங்கத்துறைக்குக் கொடுக்கும் இறக்குமதி அறிக்கையின் வரைவை வாட்ஸப்பில் அனுப்பிவிட்டு, ‘சரி’ என்று பதில் வந்ததும் தாக்கல் செய்வோம். முதல்முறைக்காரர்களுக்கு மட்டும் நான் அப்படிச் செய்வதில்லை. நேரில் போய் ஒவ்வொரு கட்டமாகப் படித்துக் காட்டுவேன். இது என் வழக்கம். தூத்துக்குடியில் கேலி செய்வார்கள்.

கடையின் பின்பக்கம் கிண்ண மூட்டைகளுக்கு நடுவே நாற்காலி போட்டார். அவருடைய வீட்டுக்காரர் முன்னால் கல்லாவில் இருந்தபடியே எங்கள் பேச்சில் காது வைத்திருந்தார்.

“அண்ணாச்சி, நான் அவனுக்குக் கட்டுன பணத்துக்குத்தானே வரி?” என்று அந்த அம்மா ஆரம்பித்தார்.

“அது மட்டும் இல்லம்மா. கப்பல் கூலி, இன்சூரன்ஸ் ரெண்டையும் சேக்கணும். சரக்கு நம்ம துறைமுகத்துக்கு வந்து சேந்த விலை எவ்வளவோ, அதுக்கு.”

“கப்பல் கூலிக்கும் வரியா? கூலி வாங்குனவன் கப்பல்காரன்லா!”

“நீங்க சிவகாசியில பெட்டி வாங்குறீங்க. லாரி வாடகையச் சேக்காம இங்க விலை வைப்பீங்களா?”

யோசித்தார். “வைக்க மாட்டேன்.”

“அவ்வளவுதான்.”

அந்த மொத்தத்தை நூறு ரூபாய் என்று வைத்துச் சொன்னேன். மெஷினுக்கு அடிப்படை சுங்க வரி ஏழரை. அந்த ஏழரையில் பத்தில் ஒரு பங்கு சமூக நலக் கூடுதல் வரி, முக்கால் ரூபாய். இப்போது நூற்றெட்டேகால். இந்த நூற்றெட்டேகாலுக்குத்தான் பதினெட்டு சதவீதம் ஐ.ஜி.எஸ்.டி., அதாவது இறக்குமதிக்கான ஜி.எஸ்.டி.; நூறுக்கு அல்ல.

“வரிக்கு மேல வரியா? ஏட்டி, மெஷினே வேண்டாம்னு அப்பவே சொன்னேனே, கேட்டியா?” என்று கல்லாவிலிருந்து குரல் வந்தது.

“நீங்க சில்லறையப் பாருங்க, கஸ்டமர் நிக்காரு” என்று இவர் திரும்பாமலே சொன்னார்.

ஐ.ஜி.எஸ்.டி.யாகக் கட்டும் பணம் அப்படியே போய்விடுவதில்லை, மெஷினை விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், ஆடிட்டரிடம் இந்த அறிக்கையின் நகலைக் கொடுத்தால் போதும் என்றேன். அவருடையது வழக்கமான ஜி.எஸ்.டி. பதிவு, சிறு வியாபாரிகளுக்கான தொகுப்புத் திட்டத்தில் இருந்திருந்தால் கழிக்க முடியாது. கையில் நிற்கும் உண்மையான பாரம் அந்த எட்டேகால்தான் என்றதும் அவர் முகம் தெளிந்தது.

அந்தத் தெளிவில்தான் பெருமையாகச் சொன்னார்: “அண்ணாச்சி, சும்மா ஒண்ணும் நான் வாங்கல. பேரம் பேசி முடிச்ச பொறவு கொசுறு கேட்டேன். இம்புட்டுப் பெரிய மெஷின் வாங்குறேன், என்ன தருவேன்னு கேட்டேன். மொதல்ல அவனுக்குப் புரியல. பொறவு கையால அமுக்குற சின்ன மெஷின் ஒண்ணும், அரைக் கிலோ கிண்ணத்துக்கு ஒரு அச்சும் சும்மா போட்டுவிட்டான்.”

போனில் படத்தைக் காட்டினார். திறந்த மரப்பெட்டிக்குள் பெரிய மெஷின். அதன் கால்களுக்கு இடையில் சின்ன மெஷினும் அச்சும் பஞ்சுத் தாளில் சுற்றிச் செருகியிருந்தன.

என் கையில் இருந்த பில்லில் ஒரே ஒரு பொருள்தான் இருந்தது. பேக்கிங் பட்டியலிலும் அதேதான்.

இந்த ஊர்ப் பக்கம் கொசுறைப் பில்லில் எழுதுகிறவன் யார்? கால் கிலோ வாங்கினால் ஒரு விள்ளல் கையில் வைப்பார்கள். நூறு கிண்ணம் வாங்கினால் இரண்டு மூடி கூடப் போடுவார்கள். அதை எழுதினால் கொடுத்தவருக்கே அவமானம். இந்த அம்மா மறைக்கவில்லை. எழுத வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

பேனாவை மூடி வைத்தேன். “இதையும் அறிக்கையில காட்டணும்மா.”

“சும்மா குடுத்ததுக்கு என்ன விலை போட?”

“நீங்க கட்டுன பணத்துக்கு மட்டும் வரின்னா, சும்மா வந்ததுக்கு வரி இல்ல. ஆனா வரி உள்ள வார பொருளுக்கு. சும்மா வந்தாலும் பொருள் பொருள்தானே. சாதாரணமா வித்தா அவன் என்ன விலை சொல்லுவானோ அதைக் காட்டணும்.”

வீட்டுக்காரர் கல்லாவை விட்டு எழுந்தே வந்துவிட்டார். “அண்ணாச்சி, எம்புட்டுப் பெட்டி வருது அங்க. இதையா தேடித் தெறப்பாவ? அவிய பாட்டுக்கு விட்டுருவாவ. நீங்க பழையபடியே அனுப்புங்க.”

“தெறக்காமலும் விடலாம்” என்றேன். அது உண்மை. எல்லாப் பெட்டியையும் திறப்பதில்லை. “ஆனா மொதல் சரக்கு. தெறக்கச் சொல்லி உத்தரவு வார வாய்ப்புதான் ஜாஸ்தி. தெறந்து, எழுதாத பொருள் இருந்தா அதைப் பறிமுதல் பண்ணலாம், அபராதம் போடலாம். விசாரணை முடியற வரைக்கும் மெஷினும் அங்கயே கிடக்கும். இன்னொண்ணு, இனிமே நான் அப்படி அனுப்ப முடியாது. எனக்குத் தெரிஞ்சுபோச்சு.”

“நீங்க படத்தைப் பாக்கலன்னு வச்சுக்கிடுங்க.”

“பாத்துட்டேனே.”

 அவர் மனைவி என்னிடம் கேட்டார்: “எழுதுனா எம்புட்டுக் கூடும்?”

அதே மாதிரி இரண்டும் அந்தக் கம்பெனியின் விலைப்பட்டியலில் மொத்தம் இருநூறு டாலர் சுமாருக்கு இருந்தன. அன்றைய மதிப்பில் ஏறத்தாழ பதினேழாயிரம். கழிக்க முடியாத வரி ஆயிரத்து நானூறு சொச்சம்.

“அண்ணாச்சி, பெட்டியத் தெறந்து இது என்னன்னு கேட்டா நான் அங்க நின்னு என்ன சொல்லுவேன்? எனக்குத் தெரியாதுன்னா? பேரம் பேசி நான் வாங்குன கொசுறு. அதை எனக்குத் தெரியாதுன்னு நான் சொல்லணுமா?” குரல் சற்று உயர்ந்தது. “எழுதுங்க. என் பேர்ல வார பெட்டி, உள்ள என்ன இருக்குன்னு நானே சொல்லுதேன்.”

“தேருக்கு மெஷின் வரலன்னா இதே வாயால கடைக்காரர்ட்டச் சொல்லு” என்றார் வீட்டுக்காரர்.

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கப்பல் வருவதற்கு முந்தைய நாளுக்குள் அறிக்கை தாக்கலாக வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் தாமதக் கட்டணம். கப்பல் வெள்ளிக்கிழமை. அதற்குள் தைவான்காரர் பில்லையும் பட்டியலையும் மாற்றித் தர வேண்டும். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அந்த இடத்திலேயே மின்னஞ்சல் எழுதினேன்: இலவசமாகத் தந்த இரண்டு பொருளையும் பில்லில் சேர்க்கவும், ‘இலவசம், சுங்க மதிப்புக்கு மட்டும்’ என்று விலையோடு குறிக்கவும். அந்த அம்மா அருகில் நின்று, அனுப்பும் பொத்தானைத் தானே அழுத்தினார்.

மறுநாள் நண்பகலில் புதிய பில் வந்தது. மாற்றிய வரைவை வாட்ஸப்பில் அனுப்பினேன்; அந்த அம்மா மூன்று பொருள்களையும் படித்துப் பார்த்து, ‘சரி’ என்று அனுப்பினார். மாலையில் தாக்கல் செய்தேன்.

இப்போது நம் அறிக்கையை மதிப்பிடும் அதிகாரி தூத்துக்குடியில் இருக்க வேண்டும் என்பதில்லை. வேறேதோ நகரத்தில் இருந்துகொண்டு திரையில் பார்ப்பார். யாரென்று நமக்குத் தெரியாது. அவரிடமிருந்து ஒரு கேள்வி வந்தது: இலவசப் பொருள்களின் மதிப்புக்கு ஆதாரம் என்ன? அந்த அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன்.

“மாட்டிக்கிட்டமா?” என்றார்.

“இல்ல. நீங்க எழுதுனதாலதான் கேக்காங்க. பதில் நம்ம கையில இருக்கு.”

விலைப்பட்டியலின் பக்கத்தையும் புதிய பில்லையும் இணைத்து அன்றே பதில் அனுப்பினேன். நாம் காட்டிய மதிப்பே ஏற்கப்பட்டது. வரியை அந்த அம்மாவே தன் கணக்கிலிருந்து ஆன்லைனில் கட்டினார். கூடவே, நான் எதிர்பார்த்தபடியே, பெட்டியைத் திறந்து பார்க்கும் உத்தரவும் வந்தது.

தூத்துக்குடி சரக்கு நிலையத்தில் பெட்டியைத் திறந்தபோது நான் இருந்தேன். ஆணியைப் பிடுங்கிப் பக்கப் பலகையை எடுத்ததும் முதலில் தெரிந்தது பெரிய மெஷின் அல்ல. பஞ்சுத் தாளில் சுற்றிய கொசுறு. அதிகாரி அதைப் பிரித்துப் பார்த்தார். கையில் இருந்த தாளைப் பார்த்தார். இரண்டாவது பொருள், மூன்றாவது பொருள் என்று தானே சொல்லிக்கொண்டு குறி போட்டார்.

“சும்மா குடுத்ததையும் விடலையே. பார்ட்டி பெரிய கம்பெனியா?” என்று கேட்டார்.

“ஸ்ரீவில்லிபுத்தூர்ல பெட்டி விக்கிறவங்க சார். மொதல் சரக்கு” என்றேன். என் குரலில் பெருமை இருந்தது. இருபத்தாறு வருஷத் தொழிலில் பல பெரிய மில்களின் சரக்கை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். அந்த மரப்பெட்டி முன்னால் நின்ற மாதிரி எங்கும் நின்றதில்லை.

அன்று பிற்பகலே பெட்டி வெளியே வந்தது. இரவுக்குள் லாரி கடை வாசலில் நின்றது. வீட்டுக்காரர்தான் முன்னால் நின்று இறக்கினார் என்று கேள்விப்பட்டேன். “பாத்து எறக்குலே, சட்டப்படி வந்த சரக்கு” என்று சுமைக்காரரை அதட்டினாராம். தேருக்கு இன்னும் பத்து நாளுக்கு மேல் இருந்தது.

மறுநாள் காலை நான் டாலர் மதிப்பைப் பார்க்கும் முன்பே போன் வந்தது.

“அண்ணாச்சி, அடுத்த ஆர்டர் பேசுதேன். கொசுறு கண்டிப்பா வேணும், ஆனா அதையும் பில்லுல எழுதித்தான் அனுப்பணும்னு அவனுக்கு இங்கிலீஷ்ல எழுதணும். சொல்லுங்க, எழுதிக்கிடுதேன்.”

டீயைத் தள்ளி வைத்துவிட்டு, ஒவ்வொரு வார்த்தையாகச் சொல்லத் தொடங்கினேன்.