தானாகப் போன இதயம்

சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஹைதராபாத் சைனிக்புரியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தபடியே நான் செய்த காரியம் இது.

மத்திய அரசு அலுவலகமொன்றின் நிர்வாகப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். பதவி உயர்வுக்கான துறைத் தேர்வு எழுதுபவர்களுக்காக விடுப்பு விதி, பயணப்படி விதி என்று தமிழில் பாடம் எடுத்து யூடியூபில் போடுகிறேன். கீழே வரும் கருத்துகள் பெரும்பாலும் ஒன்றுதான்: "பிடிஎஃப் கிடைக்குமா சார்?" எங்கே இருக்கிறது என்று வீடியோவின் முதல் நிமிடத்திலேயே சொல்லியிருப்பேன். அதைக் கேட்பதற்குள் கேள்வியைத் தட்டிவிடுவார்கள்.

அன்று வந்தது வேறு மாதிரி. 'மேலும் படிக்க' என்பதை அழுத்தினால் திரை கொள்ளாமல் நீண்டது. ஒரு பெண்மணி எழுதியிருந்தார். கணவருக்குச் சிறுநீரகக் கோளாறு. டயாலிசிஸ் நடக்கும் நேரமெல்லாம் வெளியே நாற்காலியில் காதில் என் பாடத்தை மாட்டிக்கொண்டு படித்தாராம். வீட்டில் எல்லோரும் தேர்வே வேண்டாம் என்ற வருடத்தில், "உங்கள் குரல்தான் எழுந்து உட்கார வைத்தது" என்றிருந்தார். தேர்வில் தேறிவிட்டாராம். பெல் பட்டனையும் அழுத்தியிருக்கிறாராம்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். "நீங்களே பார்த்து மகிழுங்கள்" என்று தேர்வு எண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் போட்டிருந்தார். முடிவுப் பக்கத்தைத் திறக்க அந்த இரண்டும் போதும். ஊரே பார்க்கும் இடத்தில்!

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கருத்துக்குக் கீழே இருக்கும் சிவப்பு இதயத்தை அழுத்தினேன். நன்றிக்கு அது போதும் என்று நினைப்பு. பிறகு பதில் எழுதினேன்: "தங்கள் தேர்வு எண், பிறந்த தேதி ஆகியவற்றைப் பொதுவெளியில் வெளியிட்டது முறையன்று. உடனடியாக நீக்கவும்." அனுப்பிவிட்டுக் காபி குடிக்கப் போனேன்.

திரும்பி வந்தபோது போனில் அறிவிப்பு. அதே பெண்மணி: "எண்ணை எடுத்துவிட்டேன் சார். ஆனால் நீங்கள் தந்த இதயத்தையும் திரும்ப எடுத்துவிட்டீர்களே. மகளிடம் காட்டப் போனேன், இல்லை. தப்பாக எழுதியிருந்தால் மன்னிக்கவும்."

நான் எங்கே எடுத்தேன்? தட்டிப் பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை. அதற்குள் கருத்தை முழுவதுமாக அழித்துவிட்டிருந்தார். அதற்குக் கீழே இருந்த என் பதிலும் அதோடு போயிற்று.

குகட்பள்ளியில் இருக்கும் என் மகளுக்குப் போன் போட்டேன். சானலைத் தொடங்கிக் கொடுத்தவள் அவள்தான்.

"ஹவ்பா," என்றாள்; 'ஆமாம்' என்பதற்கு ஹைதராபாத்துப் பேச்சு. "கமெண்ட்டை எடிட் பண்ணா ஹார்ட் தானா போயிடும். மறுபடி நீங்கதான் போடணும்."

"இதை ஏன் முதல்லயே சொல்லல?"

"நீங்க ஹார்ட் போடுவீங்கன்னு நான் கனவா கண்டேன்?"

"சரி, அவங்களுக்குத் தனியா ஒரு வரி அனுப்ப வழி சொல்லு."

"கமெண்ட் போட்டவங்களுக்குத் தனியா மெசேஜ் அனுப்ப அதுல வசதி இல்லப்பா. கமெண்ட்டும் இல்ல, பதிலும் இல்ல. அவ்ளோதான்."

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த என் மனைவி, நான் எழுதிய பதிலைச் சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"மெமோ கொடுத்திருக்கீங்க. அந்தப் பொண்ணு பாவம், ஆஸ்பத்திரி வாசல்ல உக்காந்து படிச்சு பாஸ் பண்ணிட்டு வந்து சொல்லுது. நல்லா இருன்னு ஒரு வார்த்தை உண்டா?"

"அதுக்குத்தானே இதயம் போட்டேன்."

"அது போயிடுச்சே! மிச்சம் இருந்தது மெமோ மட்டும்தானே?"



மறுநாள் பாடம் பயணப்படி. விதிக்குள் போவதற்கு முன், அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தேன். "மருத்துவமனை நாற்காலியில் படித்துத் தேறிய சகோதரிக்கு" என்று தொடங்கி, இதயத்தை நான் எடுக்கவில்லை, கருத்தைத் திருத்தினால் அது தானாகப் போய்விடும் என்று விளக்கினேன். விளக்கம் எனக்குச் சுலபம். அதற்கு அடுத்த வரியைத்தான் மூன்று முறை பதிவு செய்தேன். "நீங்கள் எழுதியதைப் படித்து ரொம்ப சந்தோஷப்பட்டேன். அதை முதலில் சொல்லியிருக்க வேண்டும்."

அன்று முழுக்கக் கருத்துப் பகுதியைத் திறந்து திறந்து பார்த்தேன். பிடிஎஃப் கேட்டவர்கள்தான் வரிசையாக வந்தார்கள். சாயங்காலம் அவர் வந்தார். நீளக் கருத்தை முழுவதுமாக மறுபடி எழுதியிருந்தார், எண் இல்லாமல். இந்த முறை முதலில் நன்றி எழுதினேன், கணவரின் உடல்நிலையை விசாரித்தேன், பிறகு இதயத்தை அழுத்தினேன்.

சற்று நேரத்தில் இதயம் காணவில்லை. கருத்துக்கு மேலே 'திருத்தப்பட்டது' என்றிருந்தது. ஏதோ எழுத்துப் பிழையைச் சரி செய்திருக்கிறார். முந்தைய நாள் அத்தனை கூத்துக்கும் பிறகு! பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி அழுத்தினேன்.

இன்றும் பதில் அனுப்பும் முன், இதயத்தை எடுத்துவிட்டுப் பார்த்தால் என் வார்த்தைகளில் என்ன மிஞ்சும் என்று ஒரு தடவை படித்துப் பார்த்துக்கொள்கிறேன்.